கிரியாட்டினுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

மணவாள நகரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிஃப்ட் முடித்து ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள், கிரியாட்டின் டப்பாவைத் திறப்பதற்குள் “கிட்னி போயிடும்” என்ற எச்சரிக்கையைக் கேட்டுவிடுகிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு, சரியான அளவில் எடுத்தால் அப்படி எதுவும் ஆவதில்லை என்பதே ஆய்வுகள் சொல்வது. ஆனால் நம் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பதை ஊகத்தில் விடக் கூடாது. உலை அருகே வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுபவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரியாமலே வரலாம்.

ஆகவே முதல் படி பரிசோதனை. ரத்தத்தில் ‘கிரியாட்டினின்’ என்ற கழிவின் அளவையும் சிறுநீரில் அல்புமினையும் பாருங்கள். முந்தைய நாள் கறியும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். இரண்டுமே ரத்தத்தில் அந்தக் கழிவின் அளவை உயர்த்திக் காட்டும். சிறுநீரக நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், ஒற்றைச் சிறுநீரகம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இரண்டாவது, பலன் யாருக்கு என்பது. எடை தூக்குபவருக்கும் குறுகிய நேரத்தில் முழு வேகம் காட்டும் விளையாட்டு வீரருக்கும் இது கைகொடுக்கும். கறி, மீன் சாப்பிடாதவரின் தசையில் கிரியாட்டின் இருப்பு குறைவு என்பதால் அவருக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம். பயிற்சியே செய்யாதவர் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, அளவு. மோனோஹைட்ரேட் வகையில் தினம் 3 முதல் 5 கிராம் போதும். பயிற்சி இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். சுமார் 4 வாரத்தில் தசை நிரம்பிவிடும். முதல் வாரம் தினம் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து எடுக்கும் ‘லோடிங்’ முறை அதே இடத்துக்குச் சீக்கிரம் கொண்டு சேர்க்கும், அவ்வளவுதான். அதில் வயிற்றுக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் ஏறும் ஒரு கிலோ அளவு எடை பெரும்பாலும் நீர்.

நான்காவது, கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட்டைப் படிப்பது. பயம் பிறப்பது இங்கேதான். நாம் உண்ணும் கிரியாட்டின் தசையில் சிதைந்துதான் ‘கிரியாட்டினின்’ கழிவாகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அந்தக் கழிவின் அளவை வைத்தே கணக்கிடுகிறார்கள். 28 வயது ஆண் ஒருவருக்கு அது 1.0-இலிருந்து 1.2 ஆனால், கணக்கில் வடிகட்டும் திறன் 105-இலிருந்து ஏறக்குறைய 84-க்கு இறங்கும். கழிவின் வரத்து கூடியதாலேயே இப்படிக் காட்டலாம். உறுதி செய்ய, சிஸ்டாட்டின் சி பரிசோதனை செய்யுங்கள். கிரியாட்டின் அதை மாற்றாது. அல்லது சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். சிஸ்டாட்டின் சி-யும் கூடியிருந்தாலோ, சிறுநீரில் அல்புமின் இருந்தாலோ, நிறுத்திய பிறகும் அளவு இறங்காவிட்டாலோ சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும்.

“பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழிலேயே வந்ததே” என்று கேட்கலாம். 1998-இல் லான்செட் இதழ் குறிப்பிட்ட அந்த நோயாளிக்கு முன்பே சிறுநீரக நோய் இருந்தது. அதற்கு மருந்தும் எடுத்துவந்தார். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அது எச்சரிக்கைதான். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கெடுதல் வரும் என்பதற்கு அது சான்றாகாது. அந்த இருவரில் நாம் யார் என்பதைச் சொல்வது, டப்பாவைத் திறக்கும் முன் எடுத்த ரிப்போர்ட்தான்.