ஐஸ்லாந்தில் வாடகை கார்: கவுண்டரில் எதற்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் ஐஸ்லாந்து போகிறோம். கெஃப்லாவிக் விமான நிலையத்தில் கார் எடுத்து, தெற்குக் கடற்கரை வழியாக யோகுல்சார்லோன் வரை போய் வர எட்டு நாள். வாடகையிலேயே சி.டி.டபிள்யூ. இருக்கிறதாம். ஆனால் 'செல்ஃப் ரிஸ்க்' 3,50,000 குரோனா. அதை 90,000 ஆக்கும் சூப்பர் சி.டி.டபிள்யூ. நாளுக்கு 2,500 குரோனா, ஜல்லிக் காப்பு 1,500, மணல்-சாம்பல் காப்பு 2,000. எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: எல்லாவற்றையும் வாங்கினாலும், அந்த ஊரில் சகஜமாக நேரும் ஒரு பெரிய சேதம் பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். காற்று அடித்துக் கார்க் கதவு பின்னோக்கி வளைந்துபோவதைச் சொல்கிறேன். அதைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் கையில் இருக்கும்போது கார் அடிபட்டால், பழுதுச் செலவு முழுவதையும் உங்களிடம் கேட்க வாடகை நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒரு தொகைக்கு மேல் கேட்க மாட்டோம் என்று அது விட்டுக்கொடுப்பதுதான் சி.டி.டபிள்யூ. அந்தத் தொகைதான் உங்கள் செல்ஃப் ரிஸ்க். நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். எந்தச் சேதத்துக்கு விட்டுக்கொடுப்பது என்பதையும் நிறுவனமே ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருக்கிறது. கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம், தண்ணீரால் வரும் கேடு ஆகியவை வழக்கமாக அதில் சேராது.

எனவே கவுண்டரில் எதை நீட்டினாலும் ஒன்றைக் கேளுங்கள்: இது நான் கட்ட வேண்டிய உச்சத்தொகையைக் குறைக்கிறதா, இல்லை இதுவரை சேராத ஒரு சேதத்தைச் சேர்க்கிறதா? சூப்பர் சி.டி.டபிள்யூ. முதல் வகை. பெயரில் 'சூப்பர்' இருப்பதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜல்லிக் காப்பும் மணல்-சாம்பல் காப்பும் இரண்டாவது வகை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விக் ஊரில் பார்க்கிங்கில் பின்னோக்கி எடுக்கும்போது கம்பத்தில் இடித்து, பழுது 2,40,000 குரோனா என்று வைப்போம். சூப்பர் இல்லையென்றால் முழுவதும் உங்களுடையது. எட்டு நாளுக்கு 20,000 கட்டியிருந்தால் 90,000 கொடுத்தால் போதும். செல்ஃப் ரிஸ்க் பொதுவாக ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனி. மறுநாள் இன்னொரு இடி என்றால் இன்னொரு 90,000 வரை. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர் முதல் இரண்டு நாளில் பக்கவாட்டு அளவைத் தவறவிடுவது இயல்பு. அதனால் உங்களுக்கு சூப்பர் தேவை என்றே சொல்வேன்.

அதே பயணத்தில், எதிரே வரும் வண்டி தெறிக்கவிட்ட கல் முன்கண்ணாடியில் விரிசல் விழச் செய்தால் சூப்பர் உதவாது. ஜல்லிக் காப்புதான் உதவும். தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடங்கள் அங்கே ஏராளம். ஆகவே இதையும் வாங்குங்கள். ஆனால் பல நிறுவனங்கள் இதை வாடகையிலேயே சேர்த்துவிடுகின்றன. முன்பதிவுத் தாளைப் பார்க்காமல் இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள்.

மணல்-சாம்பல் காப்பு, புயற்காற்றில் பறக்கும் கருமணல் பெயிண்டையும் கண்ணாடியையும் அரித்துவிடுவதற்கானது. நீங்கள் போகும் வழியில் மிர்தால்சாண்டுர், ஸ்கெய்தாரார்சாண்டுர் என்ற இரண்டு பெரிய மணல்வெளிகள் உண்டு. கார் எடுக்கும் அன்று vedur.is தளத்தில் தென்கரைக்கான காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். பலத்த காற்று என்று இருந்தால் வாங்கலாம். அமைதியாக இருந்தால் அந்த 16,000 குரோனாவை மிச்சம் பிடிக்கலாம். வாங்கினாலும் இதற்கென்று தனி செல்ஃப் ரிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு அந்த மணல்வெளிக்குள் போகவே கூடாது.

இனி கதவு. நிறுத்திய காரில் கைப்பிடியை இழுத்ததும் காற்று கதவைப் பிடுங்கிக்கொள்ளும். கீல் வளையும், முன்பக்கத் தகடு நசுங்கும், கதவு மூடாது. இது கவனக்குறைவு என்று கருதப்படுவதால் பல ஒப்பந்தங்களில் எந்தக் காப்பிலும் இடமில்லை. முழுச் செலவும் உங்கள் கார்டிலிருந்து போகும், உச்சத்தொகை என்ற பேச்சே இல்லை. காரின் முகம் காற்றைப் பார்க்குமாறு நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், அதுவும் இரண்டு கையாலும் பிடித்தபடி. கணவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் யோசிக்காமல் திறப்பார்.

ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் நீர் புகுவதும் இப்படியே முழுக்க உங்கள் செலவு. 'எஃப்' என்று தொடங்கும் மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத காரை ஓட்டினால் வாங்கிய காப்புகள் எல்லாமே செல்லாமல் போகும். உங்கள் பாதைக்கு அந்தச் சாலைகள் தேவையே இல்லை.