பெருவிரல் சாய்வு: காலணி மாற்றமா, அறுவையா?

கேள்வி: 45 வயதுப் பெண்ணின் கால் பெருவிரல் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்ந்து, அடிப்பக்கம் புடைத்து வலிக்கிறது. அறுவை சிகிச்சை தேவையா? (வாசகர், சித்தூர்)

பதில்: ஹாலக்ஸ் வால்கஸ் எனப்படும் இக்குறைபாட்டில் புடைத்து நிற்பது புதிதாக வளர்ந்த எலும்பன்று, பெருவிரலுக்குப் பின்னுள்ள முதல் பாத எலும்பு மற்றக் காலை நோக்கி விலக, விரல் எதிர்ப்புறம் சாய்வதால் துருத்தும் அவ்வெலும்பின் தலையே அது. குடும்பவழிப் பாத அமைப்பு பெரும்பாலும் அடிப்படையாகிறது. முனை குறுகிய காலணி அதை மோசமாக்குகிறது.

எக்ஸ்ரேயை நின்றபடியே எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் பாரம் விழாமையால் சாய்வு குறைவாகத் தெரியும். விரலுக்கும் முதல் பாத எலும்புக்கும் இடைப்பட்ட கோணம் 15 பாகைக்குள்ளும், முதலிரண்டு பாத எலும்புகளுக்கு இடைப்பட்டது 9 பாகைக்குள்ளும் இருப்பது இயல்பு. அவை 28, 12 என வந்தாலும், அகன்ற முனைக் காலணியில் வலி அடங்குமானால் கத்தி வேண்டியதில்லை. தாளில் நின்று வரைந்த பாத வடிவத்தைவிடக் காலணி குறுகியிருந்தால் அதுவே முதலில் மாற வேண்டியது. ஆயினும் காலணி வலியைத் தணிக்குமேயன்றிக் கோணத்தைத் திருத்தாது.

சில மாதங்களுக்குப் பின்னும் வலி நடையைத் தடுத்தால், எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தும் ஆஸ்டியோடமி பொருந்தும்; இடைக்கோணம் சிறிதெனில் தலையருகிலும், பெரிதெனில் தண்டிலோ அடியிலோ வெட்டுவர். எலும்பு கூட ஏறத்தாழ 6 வாரமாகும். அதற்குள் அலிபிரிப் படியேறுதல் கூடாது. சாய்வு மீண்டும் வரலாம் என்பதால், அழகுக்காக மட்டும் இதைச் செய்யலாகாது. திருப்பதியின் பர்டு எலும்பு மருத்துவமனை போன்ற இடத்தில் கோணங்களை அளந்தபின் முடிவெடுப்பதே முறை.