கள்ளின் வலிமையும் சாராயத்தின் வலிமையும்

சாராயப் போத்தலின் மேல் மதுசார அளவு அச்சிடப்பட்டிருக்கும். கள்ளு முட்டியின்மேல் அவ்வாறு எழுத எவராலும் இயலாது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பனையினதோ தென்னையினதோ பாளையைச் சீவ வடியும் நீர் இனிப்பானது. முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பெரும்பாலும் இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பில்லா முட்டியிலோ, முன்னைய கள்ளின் எச்சத்திலுள்ள மதுவம் உடனே தொழிற்படத் தொடங்கும். ஆதலால் இரவெல்லாம் மரத்தில் தொங்கிய முட்டி, இறக்கும் வேளையிலேயே ஓரளவு கள்ளாகிவிடுகின்றது.

மதுவம் வெல்லத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதியையே மதுசாரமாக்கும். எஞ்சியது வாயுவாய் நுரைத்து வெளியேறும். 100 மில்லிலீற்றர் பாளைநீரில் 12 கிராம் வெல்லம் இருப்பின், பெறத்தக்க மதுசாரம் 6 கிராம் அளவினது. கனவளவில் அது நூற்றுக்கு ஏழரை. அந்நீர்க்கு இதுவே உச்சவரம்பு. மரத்துக்கு மரம் வெல்லம் வேறுபடும். முட்டியில் மழைநீர் விழுந்தால் இன்னும் குறையும்.

எனினும் பெரும் மாற்றம் செய்வது காலமே. வவுணதீவிலே காலையில் இறக்கிய கள்ளை வலையிறவுப் பாலத்தைக் கடந்து மாலையில் மட்டக்களப்பு நகருக்குக் கொணர்ந்தால், முட்டி ஒன்றாயினும் பானம் வேறாகும். காலையில் நூற்றுக்கு மூன்றாய் இருந்தது மாலையில் ஐந்தைத் தாண்டியிருக்கலாம். வெயில் நொதித்தலை விரைவுபடுத்தும். மறுநாளோ நுரை தணிந்து புளிப்பு மேலோங்கும். காற்றுப்பட்ட மதுசாரத்தைப் பற்றீரியங்கள் வினாகிரியாக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். புளித்த கள்ளே வலிய கள்ளென்பார் பலர். புளிப்பு ஏற ஏற மதுசாரம் குறைந்துகொண்டே செல்லும் என்பதே உண்மை.

சாராயமோ கள்ளைக் காய்ச்சி வடிப்பதாற் பெறப்படுவது. மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிப்பது. நீர்க்கோ 100 பாகை வேண்டும். ஆகவே எழும் ஆவியில் மதுசாரம் செறிந்திருக்கும். இருமுறை வடித்துப் பின் நீர்கலந்து, நூற்றுக்கு 33 முதல் 40 வரையிலான ஓர் அளவிலே நிறுத்துவர். நூற்றுக்கு 6 கொண்ட 100 லீற்றர் கள்ளில் மதுசாரம் 6 லீற்றர். இழப்பேதுமின்றி வடித்தாலும் நூற்றுக்கு 40 கொண்ட சாராயம் 15 லீற்றரே கிடைக்கும். அதே கள் புளித்து நான்காய்க் குறைந்திருப்பின் 10 லீற்றருக்கு மேற் பெறல் அரிது. ஆதலின் வடிப்போர்க்குத் தாமதமே நட்டம். வடித்த சாராயத்திலோ மதுவமும் பற்றீரியமும் வாழா. மூடிய போத்தலில் அதன் வலிமை நெடுங்காலம் மாறாது.

அளப்பதிலும் இவ்வேறுபாடு உண்டு. மாணவர் நீரமானியைச் சாராயத்தில் மிதக்கவிட்டு அதன் வலிமையை நேரே அறியலாம். வேறு பொருள் கரைந்திராவிடின் அது பெரும்பாலும் நீரும் மதுசாரமுமே. கள்ளிலோ மதுசாரம் அடர்த்தியைக் குறைக்க, எஞ்சிய வெல்லம் அதனைக் கூட்டும், அளவீடு பிழைக்கும். ஆகவே 100 மில்லிலீற்றர் கள்ளை வடித்து, மதுசாரம் முழுவதும் வந்தபின் வடிநீரை மீண்டும் 100 மில்லிலீற்றராக நீரால் நிரப்பியே நீரமானியை இடல்வேண்டும். அங்ஙனம் பெற்ற எண்ணும் அந்த முட்டிக்கும் அந்த வேளைக்கும் மட்டுமே உரியது.