துளசியும் ஆலும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல அடுக்குமாடி வீடுகளின் வாசலில் ஒரு துளசித் தொட்டி இருக்கும். காலையில் குளித்த பின் வீட்டார் அதற்கு நீர் ஊற்றி, விளக்கேற்றி வணங்குவர். செடியைச் சுற்றி வர இடமில்லாத தாழ்வாரத்தில், நின்ற இடத்திலேயே தம்மைத் தாமே சுற்றிக்கொள்வர்.

பூசைக்குப் பறிக்கும் மலர் இறைவனுக்குரிய காணிக்கை. துளசியோ காணிக்கை மட்டுமன்று. செடியே ஒரு தெய்வமாகக் கருதப்படுகிறது. திருமாலுக்குப் பிரியமானவள் என்றும் திருமகளின் வடிவம் என்றும் அதனை வைணவர் போற்றுவர். துலாபாரக் கதை இதனை அழகாகச் சொல்கிறது. தராசின் ஒரு தட்டில் கண்ணன் அமர்ந்தான். மறு தட்டில் சத்தியபாமை தன் நகைகள் அனைத்தையும் குவித்தும் தட்டு தாழவில்லை. பின்னர், உருக்குமணி பக்தியோடு வைத்த ஒரே ஒரு துளசி இலைக்குத் தராசு இறங்கியது. பொன் இல்லாத வீட்டிலும் துளசி இருக்கும் அல்லவா? எளியவரும் இறைவனை நிறைவாக வழிபடலாம் என்பதற்கு இந்தக் கதை இடம் தருகிறது. மலர்கள் வாடினால் பூசைக்கு ஆகா; துளசி வாடினாலும் ஆகும் என்னும் வழக்கமும் அத்தகையதே.

தெய்வமாகக் கருதும் செடியை நினைத்தபடி பறிக்க முடியுமா? மாலையில் சூரியன் மறைந்த பின்பும் துவாதசி நாளிலும் துளசியைப் பறிப்பதில்லை. பறிக்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்வோரும் உண்டு. கிளையை முறிக்காமல், நுனியில் உள்ள சில இலைகளை மட்டும் மெல்லக் கிள்ளுவர். இவ்வழக்கம் செடிக்கும் நல்லது. நுனியைக் கிள்ளினால், அதற்குக் கீழே உள்ள இலைக்கணுவிலிருந்து பொதுவாக இரண்டு புதிய தளிர்கள் கிளம்பும். செடி அடர்ந்து வளரும். நுனியில் தோன்றும் பூங்கதிரையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் செடி விதை முற்றுவதில் தன் வலுவைச் செலவிடும். இலைகள் சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். தினமும் நீர் ஊற்றும் வழக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. தொட்டியின் அடியில் நீர் வடியத் துளை இல்லாவிட்டால் வேர் அழுகும். மண் ஈரமாக இருக்கும்போதே கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்வது அதன் அறிகுறி.

துளசி இரவும் பகலும் உயிர்வளி தருவதால்தான் அதனை வணங்குகிறோம் என்று சிலர் கூறுவர். இது சரியன்று. மற்றச் செடிகளைப் போலவே துளசியும் வெளிச்சத்தில்தான் உயிர்வளியை வெளியிடுகிறது. துளசியை வணங்குவதற்குக் காரணம் பக்தி. அதற்கு இல்லாத அறிவியலைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

திருமாலுக்குத் துளசி என்றால் சிவனுக்கு வில்வம், பிள்ளையாருக்கு அறுகம்புல். வில்வத்தின் மூன்று இலைகளைச் சிவனின் முக்கண்ணாகக் காண்பர். இவையெல்லாம் பறித்துச் சாத்தும் இலைகள். ஆலமரம் அப்படியன்று; அதன் நிழலே வழிபாட்டு இடமாகும். தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தின் கீழ் அமர்ந்து, பேசாமலேயே நான்கு முனிவர்களுக்கு ஞானம் உணர்த்தினார் என்பது சைவ மரபு. மலேசியத் தோட்டப்புறங்களிலும் மரத்தடியில் ஒரு கல்லோ வேலோ நட்டு வணங்கிய இடங்கள் பின்னாளில் கோயில்களாக வளர்ந்தன. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள முருகன் கோயில், ‘புனித மரம்’ என்பதைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது.

ஆலமரத்தை அழிவில்லாத மரம் என்று முன்னோர் ஏன் எண்ணினர்? அதன் கிளைகளிலிருந்து தொங்கும் விழுதுகள் தரையைத் தொட்டதும் வேர்விட்டு, பருத்து, புதிய அடிமரங்களாகின்றன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு பெரிய ஆலமரம் உள்ளது. நோயுற்ற அதன் அடிமரம் 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றப்பட்டது. ஆயினும் மரம் சாகவில்லை. விழுதுகளின் பலத்தில் இன்றும் பரந்து நிற்கிறது.

இத்தனை பெரிய மரத்தின் விதை மிகச் சிறியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் ஆலம்பழம் ஒன்றைப் பிளக்கச் சொல்கிறார். உள்ளே நுண்ணிய விதைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றையும் பிளக்கச் சொல்கிறார். அதனுள் மகனின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பொருளிலிருந்தே இம்மரம் எழுந்தது என்று தந்தை விளக்குகிறார்.

அந்தச் சிறிய விதையே கோயிலுக்குத் தொல்லையும் தருகிறது. ஆல், அரசு ஆகியவற்றின் பழங்களைத் தின்னும் பறவைகளின் எச்சத்தோடு விதைகள் கோபுர இடுக்குகளில் விழுந்து முளைக்கின்றன. வேர் பருத்தால் சுவர் பிளக்கும். மேலே உள்ள பகுதியை மட்டும் வெட்டினால், உள்ளே தங்கிய வேரிலிருந்து செடி மீண்டும் துளிர்க்கும். ஆகவே தெய்வ மரமே ஆனாலும், கோபுரத்தில் முளைத்த கன்று இரண்டு மூன்று இலை விடும்போதே வேரோடு எடுக்கப்படுகிறது. சிலர் அதனைத் தூக்கி எறியாமல், வேறோர் இடத்தில் மண்ணில் நட்டு வைப்பர்.