கேட்காமலே மறுத்தால்...

டீக்கடைக்காரர் ஒருவர் கெடுவுக்கு முன்பே கட்டணம் கட்டி, நகராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தார். பதிலாக வந்தது ஒரே வரி: “புகார் காரணமாக நிராகரிக்கப்படுகிறது.” என்ன புகார் என்று அதில் இல்லை. விளக்கம் கேட்டு முன்னதாக நோட்டீசும் வரவில்லை.

வாடிக்கையாக டீ குடிக்க வரும் வக்கீல் அதைப் படித்தார். “அண்ணே, உங்க தரப்பைக் கேட்காம பாதகமா உத்தரவு போடக்கூடாது. இதுதான் இயற்கை நீதி. 1978ல மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே அழுத்தமா சொன்னது. கவரைப் பத்திரமா வையுங்க. உத்தரவு கைக்கு வந்த தேதியிலிருந்துதான் மேல்முறையீட்டுக் கெடுவை எண்ணுவாங்க.”

புகார் நகலும் ஆய்வு அறிக்கையும் கேட்டு, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டார் கடைக்காரர். பதிலுக்கு 30 நாள் ஆகலாம் என்பதால் காத்திராமல் மேல்முறையீடும் செய்தார். “நோட்டீஸ் தரவில்லை, விசாரிக்கவில்லை, காரணம் சொல்லவில்லை” என்பதே அதன் முதல் பத்தி.

உத்தரவு ரத்தானது. ஆனால் உரிமம் உடனே கிடைக்கவில்லை. விசாரித்து முடிவெடுக்கும்படி விண்ணப்பம் அதே அலுவலகத்துக்குத் திரும்பியது. பலர் ஏமாறும் இடம் இது. விசாரணையில் நம் பக்கம் ஆதாரம் இல்லையென்றால் முறைப்படியே மறுத்துவிடலாம். புகார் அடுப்புப் புகையைப் பற்றியது என்று இதற்குள் கிடைத்த நகலில் தெரிந்திருந்ததால், புகைபோக்கி மாட்டிய ரசீதையும் படங்களையும் எழுத்து விளக்கத்துடன் கொடுத்து, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொண்டார்.