பாதத்தில் நெளியும் சிவப்புக் கோடு: மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடப்பவர்கள் கவனத்துக்கு

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட இந்த ஐப்பசி, கார்த்திகையில் பாதத்தில் வரும் அரிப்பெல்லாம் சேற்றுப்புண் அல்ல. விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போயிருந்தால் அது சேற்றுப்புண். ஆனால் பாதத்தின் ஓரத்திலோ உள்ளங்காலின் குழிவிலோ ஒரு சிறு சிவப்புப் புள்ளி தோன்றி, அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் மேடான ஒரு கோடு புறப்பட்டு, நெளிந்து நெளிந்து தினமும் கொஞ்சம் நீண்டுகொண்டே போய், இரவில் தூங்கவிடாமல் அரித்தால், அது வேறு. மருத்துவர்கள் இதை கிரீப்பிங் எரப்ஷன் என்பார்கள். நாய், பூனைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு நம் தோலுக்குள் புகுந்து ஊர்வதால் வருவது இது. இப்போது செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈரமான நிழல்மண்ணில் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். வாசலில் கொட்டிக் கிடக்கும் கட்டுமான மணலைக் கவனியுங்கள். கோடு தெரிந்தால் அதன்மேல் எதையும் தடவாமல், கீறாமல் மருத்துவரிடம் போங்கள். ஏன் இந்த மூன்று மட்டும் என்று கேட்டால், அந்தப் புழுவுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. அதற்கு வெயில் ஆகாது. மனிதத் தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியேறவோ ஆழமாகப் போகவோ வழியில்லை.

முதல் பலவீனத்தை எடுத்துக்கொள்வோம். புழு உள்ள நாயின் மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. கண்ணெதிரே கிடக்கும் புது மலத்தை மிதித்தால் அருவருப்பாக இருக்கும், ஆனால் அதனால் இந்தக் கோடு வராது. ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் கிடைத்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிகிறது. வெளிவந்த புழு மண்ணிலேயே இரண்டு முறை சட்டை உரித்து, ஐந்து முதல் பத்து நாளில்தான் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வருகிறது. அதற்குள் மழை மலத்தைக் கரைத்திருக்கும். மண் சுத்தமாகவே தெரியும். ஆபத்து இருப்பது மலம் காணாமல் போன அந்த இடத்தில்தான். பக்குவப்பட்ட இளம்புழு சாதகமான மண்ணில் மூன்று நான்கு வாரம் வரை உயிரோடு காத்திருக்கும். அதே புழு காய்ந்த, கொதிக்கிற மணலில் பிழைக்காது. சித்திரை வெயிலில் நம்மைக் காப்பாற்றும் மணலே கார்த்திகையில் நம்மைக் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான். வடகிழக்கு பிரேசிலின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகளிலும் இந்த நோய் மழைக்காலத்தில் ஏறி, வறண்ட மாதங்களில் இறங்குவது பதிவாகியிருக்கிறது.

ஆகவே கடற்கரைக்கே போகாதீர்கள் என்பது தேவையில்லாத அறிவுரை. அலை வந்து நனைத்துப் போகும் மணலில் இந்தப் புழு தங்குவதில்லை. அங்கே கால் நனைப்பதில் தயக்கம் வேண்டாம். அலை எட்டாத மேட்டு மணல், கரையில் ஏற்றி வைத்த படகின் அடி, சவுக்குத் தோப்பின் நிழல், தள்ளுவண்டிக் கடைகளைச் சுற்றி நாய்கள் படுத்துக் கிடக்கும் இடம் ஆகியவைதான் சந்தேகத்துக்குரியவை. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். தண்ணீர் வரை செருப்போடு போக வேண்டிய வழியில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். பார்படாஸ் தீவுக்குச் சுற்றுலா போய்வந்த ஒரு கனடாக் குழுவில் பலருக்கு இந்தக் கோடு வந்தபோது ஆராய்ந்தார்கள். கடற்கரைக்கு நடந்து போகும் வழியில் காலணி அணிந்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. மணலில் உட்காருபவர்களும் கவனிக்க வேண்டும். புழுவுக்குப் பாதம்தான் வேண்டும் என்பதில்லை. தொடையும் பின்பக்கமும் மண்ணில் பட்டால் அங்கேயும் கோடு வரும். மெல்லிய ஈரத் துண்டை நம்ப வேண்டாம்; பாயோ நாற்காலியோ நல்லது.

கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு 2006 ஜூலையில் அமெரிக்காவின் மயாமியில் நடந்தது பதில். சிறுவர்களுக்கான ஒரு கோடை முகாமில் 22 பேருக்கு இந்த நோய் வந்தது. பெரும்பாலானவர்கள் சின்னக் குழந்தைகள். பார்த்துக்கொண்ட பணியாளர்கள் சிலரும் உண்டு. விசாரித்தபோது தடயம் போய் நின்ற இடம் குழந்தைகள் விளையாட வைத்திருந்த மணல் தொட்டி. அந்த வளாகத்தில் தெருப் பூனைகள் திரிந்தன. பூனைக்கு மண்ணைத் தோண்டி மூட வசதியான இடம் என்றால் அது மணல்தான். நம் தெருக்களில் வீடு கட்டுபவர்கள் வாசலில் கொட்டி வைக்கும் மணல் குவியலும் எம்-சாண்ட் குவியலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பகலில் பிள்ளைகள் ஏறிச் சறுக்குவார்கள், இரவில் நாயும் பூனையும் வந்து போகும். குவியலை மூடச் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணல் வந்து இறங்கிய அன்றே தார்ப்பாய் போட்டு ஓரங்களில் கல் வைத்தால்தான் பயன். ஏற்கெனவே அசுத்தமான மணலை இரவு பகலாக மூடியே வைத்தால், புழுவுக்கு வேண்டிய ஈரத்தையும் நிழலையும் நாமே ஏற்பாடு செய்தவர்களாவோம். வெயில் அடிக்கும் நாளில் திறந்து கிளறி விட்டு, பொழுது சாய்ந்ததும் மூடுங்கள். அதுவரை பிள்ளைகளை அதில் விடாதீர்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் முட்டை பக்குவப்படும் அந்த ஐந்து நாள் அவகாசமே கிடைக்காது. கால்நடை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். ‘எங்கள் நாய் கொழுகொழுவென்று இருக்கிறதே’ என்பது சமாதானம் ஆகாது. நோஞ்சானாகத் தெரியாத நாயும் முட்டை போடும் புழுவைச் சுமக்கும்.

‘நம் முன்னோர் வெறுங்காலோடுதானே நடந்தார்கள்’ என்பது எப்போதும் வரும் ஆட்சேபணை. நடந்தார்கள், கொக்கிப்புழுவையும் சுமந்தார்கள். அப்படி நடந்தவர்களின் ரத்தசோகைக்கு மனிதக் கொக்கிப்புழு ஒரு பெரிய காரணம். இதைவிட மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய ஆட்சேபணை ஒன்று உண்டு. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு ஒரு மண்டலம் செருப்பைத் தொடாமல் இருப்பவர்களிடம், அதுவும் மழை நடுவில் இருக்கும்போது, செருப்பு போடுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது நேர்மையல்ல. அவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி மிச்சமிருக்கிறது. தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் நடங்கள், ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள். குளக்கரை, தோப்பு, மண்டபத்தைச் சுற்றிய நிழல்மண் ஆகியவற்றைத் தவிருங்கள். தங்குமிடத்தில் வெறும் மண்ணில் படுக்காதீர்கள். வந்து சேர்ந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடையுங்கள். உள்ளே போன புழுவைக் கழுவி எடுக்க முடியாது. ஒட்டியிருக்கும் சேற்றோடு இருப்பதைக் கழுவலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் இந்தச் சலுகையும் கிடையாது. சொறிந்த புண்ணில் சீழ் வைப்பதை அவர்கள் தாமதமாகத்தான் அறிவார்கள். குருசாமியிடம் சொல்லிவிட்டுக் காலணி அணிவதே சரி.

இனி இரண்டாவது பலவீனம். நாயின் தோலில் புகுந்த புழு ரத்தத்துக்குப் போய் நுரையீரல் வழியாகக் குடலை அடையும். மனிதனிடம் மேல்தோலுக்கும் அதன் அடியில் இருக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய படலத்தை உடைக்கும் நொதி இந்தப் புழுவிடம் போதுமானதாக இல்லை. ஆகவே மேல்தோலிலேயே மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டரில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை சுற்றிச் சுற்றி ஊர்கிறது. நாம் பார்க்கும் சிவப்புக் கோடு புழு அல்ல. புழு போன பாதையில் நம் உடல் காட்டும் ஒவ்வாமை. நத்தை ஊர்ந்த தடத்தை எவ்வளவு தேய்த்தாலும் நத்தை சாகாது. புழு கோட்டின் நுனியையும் தாண்டி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால், பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் தோலுக்குள் இருக்கிறது. ஊசியால் கீறி எடுக்கப் பார்ப்பது, மண்ணெண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் தோற்பது இதனால்தான். ஒரு காலத்தில் மருத்துவர்களே நுனியை உறையவைத்துப் பார்த்தார்கள். தோல் புண்ணானது, புழு தப்பித்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் படர்தாமரைக் களிம்பும் உதவாது. படர்தாமரை வட்டமாக, ஓரத்தில் செதிலோடு விரியும். இது கோடாக ஓடும். அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் சிவப்பு மங்கி, குணமானது போலத் தெரியும். புழு தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். சந்தேகம் தீர எளிய வழி உண்டு. கோட்டின் நுனியில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால், மருத்துவருக்கு அந்த இரண்டு படமும் பெரும்பாலும் போதும். இதற்கு ரத்தப் பரிசோதனையோ தோலை வெட்டிப் பார்ப்பதோ வழக்கமாகத் தேவைப்படாது.

‘தானாகவே செத்துவிடும் என்கிறார்களே, மாத்திரை எதற்கு?’ உண்மைதான், பெரும்பாலும் சில வாரங்களில் சாகும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அந்த வாரங்களில் உறக்கம் போகும், சொறிந்த இடம் சீழ் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வேளை மருந்து. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் தரப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம், ஒரு தடவை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வழக்கமாகத் தரப்படுவதில்லை. ஆகவே கணக்கை மருத்துவரே போடட்டும். மாற்று, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், தினம் ஒன்றாக மூன்று நாள் அல்லது அதற்கு மேல். பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் பிள்ளை மாத்திரை சாப்பிட்டதே என்பார்கள். அது அதே அல்பெண்டசோல்தான், ஆனால் ஒரே ஒரு மாத்திரை. குடலில் இருக்கும் புழுவுக்கான அளவு. தோலுக்குள் ஊரும் புழுவுக்கு அதை நம்பி இருக்க முடியாது. மருந்து எடுத்த இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்க வேண்டும், கோட்டின் நுனி நிற்க வேண்டும். தழும்புபோலப் பழைய கோடு மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பேனாப் புள்ளியைத் தாண்டி மறுபடி நகர்ந்தால் மட்டும் இன்னொரு வேளை மருந்து தேவைப்படலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கோடு ஒரு நாளில் நகர வேண்டிய தூரத்தை ஒரு மணி நேரத்தில் நகர்ந்தால், அதுவும் பாதத்தில் இல்லாமல் பிட்டம், தொடை, அடிவயிறு பக்கம் திடீரென்று தோன்றிச் சில மணி நேரத்தில் மறைந்து மறுபடி வந்தால், அது நாய்ப்புழு அல்ல. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் மனிதக் குடற்புழுவாக இருக்கலாம். அது உடலுக்குள்ளேயே பெருகி ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சாப்பிடப் போகிறவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட கோட்டைக் கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.