பில் கணக்கும் அலகுச் சோதனையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பில் போடும் மென்பொருளில் வரியைக் கணக்கிடும் பகுதி சில பத்து வரிகளுக்குள் அடங்கிவிடுவதால், அதற்குத் தனியாகச் சோதனை எழுதத் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே இயக்கி, குறிப்பிட்ட உள்ளீட்டுக்கு எதிர்பார்த்த விடை வருகிறதா என்று சரிபார்க்கும் மற்றொரு சிறு நிரலே அலகுச் சோதனை எனப்படும். பில் கணக்குக்கு அத்தகைய சோதனைகளை எழுதுவோரிடையே நிலவும் நான்கு நம்பிக்கைகள் இங்கே சிறு பில்களைக் கொண்டு ஆராயப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, புளியந்தோப்பில் உள்ள ஒரு மொத்த விற்பனைக் கடை, திருவொற்றியூரில் உள்ள ஒரு பட்டறைக்குச் சரக்கு அனுப்புகிறது எனக் கொள்ளலாம். பட்டறைக் கேன்டீனுக்கு 5 சதவீத வரிக்குரிய தேயிலை 2 கிலோ, கிலோ 250 ரூபாய். 18 சதவீத வரிக்குரிய போல்ட்டு நட்டு 10 பெட்டி, பெட்டி 100 ரூபாய். சரக்கின் மதிப்பு 1,500 ரூபாய். பில் முழுவதற்குமான தள்ளுபடி 100 ரூபாய்.

நம்பிக்கை 1: தள்ளுபடியை எங்கே கழித்தாலும் விடை ஒன்றே.

உண்மை: பில் போடும்போதே கொடுக்கப்பட்டு, அந்தப் பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே முதலில் தள்ளுபடியைக் கழித்து, எஞ்சியதன் மீதே வரி கணக்கிட வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே வரி விகிதமாயின் இதற்கு மேல் சிக்கல் இல்லை. விகிதங்கள் கலந்திருக்கும்போதோ, 100 ரூபாயில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது.

பொருள்களின் மதிப்பு விகிதத்தில் பகிர்ந்தால் தேயிலைக்கு 33.33 ரூபாயும் போல்ட்டுக்கு 66.67 ரூபாயும் கழிந்து, வரிக்குரிய மதிப்புகள் 466.67, 933.33 என்று அமைகின்றன. சிஜிஎஸ்டியையும் எஸ்ஜிஎஸ்டியையும் தனித்தனியே கணக்கிட்டுச் சேர்த்தால் பில் தொகை 1,591.34 ஆகிறது. தள்ளுபடி முழுவதையும் தேயிலையில் கழித்தால் தொகை 1,600. போல்ட்டில் கழித்தால் 1,587. வரி போட்ட பிறகு கழித்தால் 1,605. நான்கு வழிகளும் நான்கு விடைகளைத் தருவதால், ஒரே விகிதமுள்ள பில்லைக் கொண்டு எழுதப்படும் தள்ளுபடிச் சோதனை பகிர்வுப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு விகிதங்கள் கொண்ட பில்லே இதற்குரிய மிகச்சிறிய சோதனையாகும்.

நம்பிக்கை 2: தசம எண் வகையைப் பயன்படுத்தினால் பைசாப் பிழை தீர்ந்துவிடும்.

உண்மை: பைத்தான் மொழியில் `round(2.675, 2)` என்ற கட்டளை 2.67 என்று விடை தருவதற்குக் காரணம், 2.675 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாகச் சேமிக்க இயலாமல், அதைவிடச் சற்றே சிறிய எண் சேமிக்கப்படுவதாகும். `Decimal` என்னும் தசம எண் வகை இந்தக் குறையை நீக்குகிறது. ஆனால் சரிபாதியில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பது வேறொரு கேள்வி. `Decimal` அதன் இயல்பு நிலையில் அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்கே செல்கிறது. எனவே 125 ரூபாய் மதிப்பின் மீது 2.5 சதவீத வரியான 3.125 ரூபாய், அரைப் பைசாவை மேலே ஏற்றும் நம் வழக்கப்படி 3.13 ஆகாமல் 3.12 ஆகிவிடுகிறது. `ROUND_HALF_UP` என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் 3.13 கிடைக்கும். செலுத்த வேண்டிய வரியை ரூபாய்க்கு முழுமையாக்குவதைப் பற்றிப் பேசும் சட்டத்தின் 170ஆம் பிரிவும், 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாயாக உயர்த்த வேண்டும் என்றே கூறுகிறது.

எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதும் விடையை மாற்றும். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் தேயிலையின் 5 சதவீதம், சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டாகப் பிரிகிறது. 466.67 ரூபாய்க்கு ஒவ்வொன்றும் 11.67 ரூபாயாகி, இரண்டும் சேர்ந்து 23.34 ஆகின்றன. அதே சரக்கு கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள தடாவுக்குச் சென்றால், ஐஜிஎஸ்டி 5 சதவீதம் ஒரே தொகையாக 23.33 ரூபாய்தான். இரண்டும் சரியான விடைகளே. ஒன்றைக் கணக்கிட்டு மற்றொன்றை ஊகிக்கும் நிரலே தவறானது. ஒரு பொருளின் வரியைக் கணக்கிடும் `line_tax` என்ற செயற்கூறுக்கான சோதனை இவ்வாறு அமையும்:

```python
@pytest.mark.parametrize("value, rate, tax", [
    ("125.00", "2.5", "3.13"),
    ("466.67", "2.5", "11.67"),
    ("466.67", "5", "23.33"),
])
def test_line_tax(value, rate, tax):
    assert line_tax(Decimal(value), Decimal(rate)) == Decimal(tax)
```

எண்கள் மேற்கோள் குறிக்குள் எழுத்துகளாகத் தரப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு: `Decimal(2.675)` என்று எழுதினால் இரும முறையின் பிழை அப்படியே தசம வகைக்குள்ளும் வந்துவிடும்.

நம்பிக்கை 3: எண்ணிக்கை பூஜ்யமாக உள்ள பொருள் கணக்கை மாற்றாது, மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

உண்மை: ஆர்டரில் இருந்து கையிருப்பில் இல்லாத பொருளைப் பூஜ்ய எண்ணிக்கையுடன் பில்லில் விட்டுவைப்பது உண்டு. அது ஏற்படுத்தும் தீங்கைக் காண வேறொரு பில்லைப் பார்க்கலாம். தலா 100 ரூபாய் மதிப்புள்ள மூன்று பொருள்கள், நான்காவதாகப் பூஜ்ய எண்ணிக்கையுடன் பெயின்ட், தள்ளுபடி 100 ரூபாய். மூன்று பொருள்களுக்கும் 33.33 வீதம் பகிர்ந்தால் 99.99 ஆகி, ஒரு பைசா எஞ்சுகிறது. எஞ்சியதைக் கடைசிப் பொருளில் சேர்ப்பது நிரலர்களின் வழக்கம் என்பதால், அந்த ஒரு பைசாத் தள்ளுபடி பெயின்ட்டுக்குப் போய், அனுப்பப்படாத பொருளின் வரிக்குரிய மதிப்பு மைனஸ் 0.01 ரூபாய் என்று பில்லில் ஏறுகிறது.

இந்தப் பிழையை மொத்தத் தொகை காட்டிக்கொடுக்காது: 66.67 மும்முறை சேர்ந்து 200.01 ஆகி, மைனஸ் 0.01 அதைச் சரியாக 200 ஆக்கிவிடுகிறது. ஆகவே சோதனை ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பூஜ்ய எண்ணிக்கையுள்ள பொருள் நடுவில் இருக்கும் பில்லையும் கடைசியில் இருக்கும் பில்லையும் தனித்தனிச் சோதனைகளாக எழுத வேண்டும். எல்லாப் பொருள்களின் எண்ணிக்கையும் பூஜ்யமாகிவிட்டால் பகிர்வு விகிதமே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதாகி, `Decimal` கணக்கு `InvalidOperation` என்ற பிழையுடன் நின்றுவிடும். அந்நிலையில் தள்ளுபடியை மறுப்பதா, பூஜ்யப் பில்லை ஏற்பதா என்பதைக் கடை முன்கூட்டியே முடிவு செய்து, அதைச் சோதனையாக எழுதி வைக்க வேண்டும்.

நம்பிக்கை 4: எதிர்பார்க்கும் விடையையும் நிரலைக் கொண்டே கணக்கிடலாம்.

உண்மை: சோதனையும் நிரலும் ஒரே சூத்திரத்தையோ ஒரே வரிப் பட்டியலையோ பயன்படுத்தினால், அதிலுள்ள பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் சோதனை எப்போதும் தேறிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீதங்களில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதங்களுக்கு மாறியபோது, ஒரு பொருளுக்குப் பட்டியலில் தவறான விகிதம் பதியப்பட்டிருந்தால், அப்பட்டியலிலிருந்தே விடையை எடுக்கும் சோதனை அதைச் சுட்டியிருக்காது. எனவே விகிதமும் பைசாவும் கையால் கணக்கிடப்பட்டு, மேலே உள்ள சோதனையின் மூன்று வரிகளைப் போல எண்களாகவே சோதனையில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதினால், நிரல் படிக்கத் தெரியாத கணக்காளரும் கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்து, தவறானதைத் திருத்தச் சொல்ல முடியும்.